பூட்டுவதா, கைமாற்றுவதா, மாற்றிப் போடுவதா?

தீபாவளிக்கு முந்தின வாரத்தில் எந்த சலூனும் நஷ்டத்தில் ஓடுவதுபோல் தெரியாது. சோபாவில் உட்கார இடமிருக்காது, பெடிக்யூருக்கு வந்தவர் ஷாம்பூ பேசின் பக்கம் நின்றுகொண்டிருப்பார், பில் போடுகிற பெண்ணுக்குச் சாப்பிடக்கூட நேரமிருக்காது. ஆடி பிறந்தால் அதே கடையில் ஸ்டைலிஸ்டுகள் போனைத் தடவியபடி உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஏற்ற இறக்கமே உரிமையாளர்களுக்கு ஒரு சாக்காகிவிடுகிறது. ஆடியில் "ஆவணி வரட்டும்" என்பார்கள், மார்கழியில் "தை பிறக்கட்டும்" என்பார்கள். ஆனால் பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிப் பார்த்த பிறகும் கையைக் கடித்தால் சீசனைக் குறை சொல்ல முடியாது. எல்லா சீசனும் அந்தக் கணக்குக்குள் வந்துபோய்விட்டது.

அப்புறம் என்ன செய்வது? வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். 28 லட்சம் போட்ட கடையை எப்படி மூடுவது என்பார் ஒருவர். வந்த விலைக்குத் தள்ளிவிடு என்பார் இன்னொருவர். பெண்களுக்கு மட்டும் என்று மாற்றினால் ஓடும் என்பார் மூன்றாமவர். மூவரும் கணக்கைத் திறக்காமலே பேசுகிறார்கள்.

கோவை மாதிரியான ஊரில், முதல் மாடியில், 900 சதுர அடியில் ஒரு யூனிசெக்ஸ் சலூன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது குறிப்பிட்ட எந்தக் கடையின் கணக்கும் இல்லை, நடுத்தர சலூன் ஒன்றுக்குப் பொருந்தும்படி அமைத்த உதாரணம்தான். கடை திறந்து 29 மாதம் ஆகிறது. போட்ட பணம் 28 லட்சம். அதில் 15 லட்சம் வங்கிக் கடன், தவணை மாதம் 32,000 ரூபாய்.

வாடகை 55,000. ஜிஎஸ்டி சேர்த்தால் 64,900. ஆறு பேர் சம்பளம் 1,32,000. வெளியூரிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்கு எடுத்த வீடு 18,000. ஏசியும் கீசரும் ஓடும் கடையில் கரண்ட் பில் 18,000. தண்ணீர், துண்டு சலவை, பில்லிங் மென்பொருள், விளம்பரம் எல்லாம் சேர்ந்து 27,000. ஆக, ஒரு ஆள் உள்ளே வராவிட்டாலும் மாதம் சுமார் 2,60,000 போய்விடும். கடன் தவணையை இதில் சேர்க்கவில்லை. சேர்க்காததற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறது.

வரவு? வங்கிக் கணக்கில் மாதச் சராசரி, ஜிஎஸ்டி போக, 2,90,000. இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

அதில் 40,000 ரூபாய் பேக்கேஜ் விற்ற பணம். பத்தாயிரம் கட்டினால் பதின்மூன்றாயிரத்துக்குச் சேவை என்ற வகை. பணம் இன்றைக்கு வந்துவிடும், வேலை இனிமேல்தான் செய்ய வேண்டும். பழைய பேக்கேஜ்காரர்களுக்கு இந்த மாதம் செய்துகொடுத்த வேலையின் மதிப்பு, அவர்கள் கட்டிய பணத்தின் அளவில், 25,000. வித்தியாசம் 15,000. மாதம்தோறும் இப்படி 15,000 என்றால் ஓராண்டில் 1,80,000 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கடன்பட்டாயிற்று. வட்டி இல்லை, பத்திரம் இல்லை, அதனால் கண்ணில் படுவதில்லை. மாதக் கடைசியில் சம்பளத்துக்குப் பணம் குறையும்போது "அக்கா, இந்த வாரம் ரெண்டு பேக்கேஜ் தள்ளிடலாம்" என்று மேனேஜர் சொல்வது விற்பனைத் திறமைபோலத் தெரியும். உண்மையில் அது கைமாற்று வாங்குவது.

ஆகவே அந்த மாதம் செய்த வேலையின் மதிப்பு 2,75,000தான். அதில் கிரீம், கலர், ஷாம்பூ, ஊழியர் இன்சென்டிவ் எல்லாம் நூற்றுக்கு 22 ரூபாய் என்று வைத்தால் 60,500 போகும். மிச்சம் 2,14,500. நிலையான செலவு 2,60,000. மாத நஷ்டம் 45,500.

கணக்கு பார்க்கும்போது ஜிஎஸ்டியையும் மறக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன், பார்லர் சேவைக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாடிக்கையாளருக்கு நல்ல செய்தி. கடைக்காரருக்கு அதில் ஒரு முள் உண்டு. முன்பு வாடகைக்கும் பொருள்களுக்கும் கட்டிய ஜிஎஸ்டியை, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். 5 சதவீத முறையில் உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. நம் கணக்கில் வாடகைக்கு மேல் போகும் 9,900 ரூபாய் இப்போது முழுச் செலவு. எனவே அந்தத் தேதிக்கு முந்தின மாதங்களையும் பிந்தின மாதங்களையும் அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தால் தப்பான விடைதான் வரும். முடிவெடுக்க உதவுவது புதிய வரிமுறையில் ஓடிய மாதங்களின் கணக்கு.

இப்போது தவணைக்கு வருவோம். கடையை மூடினாலும் 32,000 கட்டத்தான் வேண்டும். விற்றாலும், வேறு மாதிரி மாற்றினாலும் கட்டத்தான் வேண்டும். மூன்று வழியிலும் ஒன்றாகவே இருக்கும் செலவு எந்த வழி நல்லது என்பதைச் சொல்லாது. போட்ட 28 லட்சமும் அப்படித்தான். ஃபால்ஸ் சீலிங்குக்கும் கண்ணாடிக்கும் குழாய் வேலைக்கும் போன பணம், நாளைக்கே மூடினாலும் ஐந்து வருடம் ஓட்டினாலும் திரும்பாது. "இவ்வளவு போட்டாச்சே" என்ற பேச்சு நியாயமான வருத்தம், ஆனால் முடிவெடுக்க உதவாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த முடிவை எடுத்தால் அடுத்த மாதத்திலிருந்து எந்தச் செலவு நிற்கும், எது நிற்காது?

மாதம் 45,500 நஷ்டம் என்றதும் உடனே மூடிவிடலாம் என்றுதான் தோன்றும். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் வேறு கதை. மூன்று வருட லாக்-இன் போட்டிருக்கிறது, இன்னும் ஏழு மாதம் பாக்கி. அதற்குள் காலி செய்தாலும் மிச்ச மாத வாடகை தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் கடையைப் பூட்டிவைத்தால் மாதம் 64,900 போகும். திறந்து வைத்தால் 45,500 போகும். நஷ்டத்தில் ஓட்டுவது பூட்டிவைப்பதைவிட மாதம் 19,400 ரூபாய் மலிவு. லாக்-இன் முடிகிற நாளில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அன்றைக்குப் பிறகு திறந்திருக்கும் ஒவ்வொரு மாதமும் 45,500 வீண்.

மூடும் தேதியைப் பல சமயம் இந்த ஒரு காகிதம்தான் தீர்மானிக்கிறது. அதனால் அதை வரிவரியாகப் படிக்க வேண்டும். லாக்-இன் காலத்துக்குள்ளேயே மூன்று மாத நோட்டீஸ் கொடுக்கலாமா, அல்லது லாக்-இன் முடிந்த பிறகுதான் கொடுக்க முடியுமா? இரண்டாவது என்றால் இன்னும் மூன்று மாத வாடகை, கிட்டத்தட்ட இரண்டு லட்சம், கூடுதலாகப் போகும். இடத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், பேசின் பொருத்தத் தரையை உடைத்துப் போட்ட குழாய்களை எடுத்து டைல்ஸ் ஒட்டும் செலவும் உண்டு. அதை அட்வான்ஸில்தான் பிடிப்பார்கள். கட்டட உரிமையாளரிடம் நேரில் போய்ப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "சார், நான் வேற ஆள் கொண்டுவந்து விடுறேன், லாக்-இன்ல கொஞ்சம் விட்டுக் கொடுங்க" என்று கேட்டால், காலியாகக் கிடக்கும் மாடியைவிட ஆள் இருக்கும் மாடியை விரும்பும் ஓனர்கள் இறங்கி வருவதுண்டு. பேசி முடித்ததை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆக, நம் உதாரணக் கடைக்கு ஏழு மாத அவகாசம் கட்டாயமாகக் கிடைத்திருக்கிறது. மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் காலத்தில்தான். ஆனால் மாற்றம் என்றதும் பலர் நேரே பெயிண்டுக்கும் போர்டுக்கும் போய்விடுகிறார்கள். புதிதாக இரண்டு லட்சம் போட்டு ஒரு நெயில் பார் வைக்கலாம் என்று ஆலோசனை வரும். நோய் என்னவென்று தெரியாமல் மருந்து வாங்குகிற வேலை அது. நோய் எதுவென்பதை பில்லிங் மென்பொருளிலேயே பார்க்கலாம், காசு செலவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது. போன் எண்ணை வைத்து எண்ணினால் போதும். ஆண்கள் முடிவெட்ட மாதம் ஒருமுறை வருவார்கள். நரைக்குக் கலர் அடிப்பவர் நாலு முதல் ஆறு வாரத்தில் வந்தாக வேண்டும், வேர் வெளுத்துத் தெரியும். புருவம் திருத்த மூன்று வாரம். பெண்களின் ஹேர்கட்டுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். எனவே 90 நாள் பொறுத்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லோருடைய முறையும் வந்துவிடும். நம் கடையில் மாதம் அறுபது புது முகம் வருகிறது, 90 நாளில் திரும்புவது பதினான்கு பேர். அப்படியென்றால் கடை ஊருக்குத் தெரியாமல் இல்லை. வந்தவருக்குப் பிடிக்கவில்லை. இந்த நிலையில் விளம்பரத்துக்குக் காசு போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. இதற்கு மாறாக, பதினைந்து பேர் வந்து பத்துப் பேர் திரும்பினால் வேலை சரி, இடம்தான் மறைவாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கடைக்குத் தேவை தரைத்தளத்தில் சின்னதாக ஓர் இடம். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

இதையே ஸ்டைலிஸ்ட் வாரியாகப் பிரித்தால் இன்னும் தெளிவாகும். சீனியர் கையில் உட்கார்ந்தவர்கள் பாதிப் பேர் திரும்பியிருப்பார்கள், மற்ற இரண்டு பேரிடம் உட்கார்ந்தவர்கள் தலைகாட்டியே இருக்க மாட்டார்கள். மூன்று மாத எண்ணிக்கையாவது வேண்டும். நாலைந்து பேரை வைத்து ஒருவர் வேலையை எடைபோடுவது அநியாயம்.

அடுத்தது, எந்த வேலை காசு தருகிறது என்பது. பெரிய பில் போடும் வேலைதான் லாபம் என்று கடைகளில் நம்பிக்கை உண்டு. கெரட்டின் ட்ரீட்மென்ட்டுக்கு 5,000 என்று விலை எழுதி, இன்ஸ்டாகிராமில் 2,999 என்று ஆஃபர் போடுகிறார்கள். பொருள் செலவு 1,200 போனால் மிச்சம் சுமார் 1,800. மூன்று மணி நேரம், இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒரு ஆளின் ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபாய். ஆண்களின் முடிவெட்டு 200 ரூபாய், அரை மணி நேரம், ஒரே ஆள், பொருள் செலவு ஏறக்குறைய இல்லை. மணிக்கு 400. நரைக்கு வேர்க் கலர் 1,200, பொருள் 250 போக ஒன்றேகால் மணி நேரத்தில் 950. மணிக்கு 760. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆஃபர், ஓரத்து நாற்காலியில் நடக்கும் முடிவெட்டைவிடக் குறைவாகத்தான் தருகிறது. போதாக்குறைக்கு, ஆஃபருக்காக வந்தவர் அடுத்த ஆஃபர் எங்கே இருக்கிறதோ அங்கே போய்விடுவார்.

இந்த இரண்டு கணக்கும் கையில் இருந்தால் மாற்றம் எப்படி இருக்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். நம் கடையில் ஆஃபர்கள் நிறுத்தப்படுகின்றன. வேர்க் கலர், ஃபேஷியல், முடிவெட்டு என்று மாதம்தோறும் திரும்பி வரும் வேலைகளுக்கு முதலிடம். வேலையைவிட்டுப் போன இரண்டு பேருக்குப் பதிலாக ஆள் எடுக்கவில்லை. நாலு பேர் சம்பளம் 92,000. அவர்கள் வீட்டு வாடகை 12,000 ஆகிறது. கட்டட ஓனர் ஐயாயிரம் குறைக்கிறார், விளம்பரத்தில் ஐயாயிரம் குறைகிறது. நிலையான செலவு 2,03,000க்கு வருகிறது. ஆஃபர் இல்லாததால் விற்பனை 2,55,000ஆகக் குறையும், ஆனால் பொருள், இன்சென்டிவ் செலவும் நூற்றுக்கு 20 ஆகும். மிச்சம் 2,04,000. நஷ்டம் நின்றுவிட்டது.

இங்கேதான் பலர் மூச்சுவிட்டு, கடை பிழைத்துவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உரிமையாளர் காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை அங்கே நிற்கிறார். அவருக்குச் சம்பளம் இல்லை. அவரே வேறொரு சலூனில் மேனேஜராகப் போனால் முப்பதாயிரம் கிடைக்கும் என்றால், நஷ்டமில்லாத இந்தக் கடை அவருக்கு மாதம் முப்பதாயிரம் நஷ்டம். அதையும் சேர்த்துக் கடை தொடர வேண்டுமென்றால் மாத விற்பனை ஏறக்குறைய 2,91,000 வேண்டும். இந்த எண்ணையும் ஒரு தேதியையும் முதல் நாளே எழுதிவைப்பது நல்லது. ஐந்தாவது மாதக் கடைசியில் அந்த எண்ணை எட்டியிருந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம். எட்டவில்லையென்றால் நோட்டீஸ் கொடுப்பதும் ஆள் தேடுவதும் ஆரம்பமாக வேண்டும். நோட்டீஸ் காலத்தைப் பொறுத்து அந்தத் தேதி இன்னும் முன்னால் வரலாம். தீபாவளி மாதம் நடுவில் வந்தால் அதை மட்டும் வைத்து ஆசைப்படக் கூடாது.

நஷ்டத்தை நிறுத்தியது வீண் போகாது. விற்கும்போது அது விலையாகத் திரும்பி வரும். நஷ்டத்தில் ஓடும் சலூனுக்குப் பெயர் மதிப்பு என்று யாரும் காசு தர மாட்டார்கள். வாங்க வருபவர் பார்ப்பது, பொருத்திவைத்த பேசின்களையும் த்ரீ ஃபேஸ் மின் இணைப்பையும் மிச்சமிருக்கும் ஒப்பந்தக் காலத்தையும் வேலையில் இருக்கும் ஸ்டைலிஸ்டுகளையும்தான். நாற்காலி, ஸ்டீமர், ஃபேஷியல் படுக்கை, ஏசி என்று தனித்தனியாகப் பழைய சாமான் வாங்குகிறவரிடம் கொடுத்தால் நம் கடைக்கு மூன்று லட்சம் தேறும் என்று வைத்துக்கொண்டால், ஓடுகிற சலூனாகக் கொடுத்தால் எட்டு லட்சம் கேட்கலாம். உள் அலங்காரத்துக்கு மதிப்பு தருகிறவர் இன்னொரு சலூன்காரர் மட்டுமே. அதுவும் கடை திறந்திருக்கும்வரைதான். ஓடும் தொழிலை மொத்தமாகக் கைமாற்றினால் அந்த விற்பனைக்கு ஜிஎஸ்டி விலக்கும் உண்டு. சாமான்களைப் பிரித்து விற்றால் கிடையாது.

வாங்குபவர் பெரும்பாலும் தூரத்தில் இல்லை. கடையின் சீனியர் ஸ்டைலிஸ்டாகவே இருக்கக்கூடும். வாடிக்கையாளரை அறிந்தவர், வெளியே போனால் அவர்களில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போகக்கூடியவர். மொத்தப் பணம் இருக்காது, தவணை கேட்பார். தவணைக்குக் கொடுக்கலாம், ஆனால் வாடகை ஒப்பந்தம் பழைய ஓனர் பெயரிலேயே இருந்துவிடக் கூடாது. கட்டட உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதத்தோடு புதியவர் பெயரில் ஒப்பந்தம் மாற வேண்டும், அட்வான்ஸ் யாருக்குச் சேரும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். ஃபிரான்சைஸ் கடை என்றால் பிராண்ட் நிறுவனத்தின் அனுமதியும் தேவை.

இதில் பெரிய நிறுவனங்களே சூடுபட்டிருக்கின்றன. அமெரிக்காவின் ரீஜிஸ் நிறுவனம், சூப்பர்கட்ஸ் பெயரை வைத்திருப்பது, 2017 அக்டோபரில் வட அமெரிக்க மால்களில் இருந்த தன் 858 சலூன்களை ஒரே நிறுவனத்துக்குக் கைமாற்றியது. கடைகள் போயின, ஆனால் அவற்றின் வாடகை ஒப்பந்தங்களில் ரீஜிஸின் பொறுப்பு முழுதாகப் போகவில்லை. வாங்கியவர் திணறியபோது, 2019இல் இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள் ரீஜிஸ் கைக்கே திரும்பின. வக்கீல் படையே வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இந்த நிலைமை என்றால், வாய்ப்பேச்சில் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறவர் நிலைமையை யோசித்துக்கொள்ளலாம்.

மூடுவதென்றாலும் விற்பதென்றாலும் முதலில் நிறுத்த வேண்டியது பேக்கேஜ் விற்பனை. மூடப்போவது தெரிந்தும் பணம் வாங்கினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். பாக்கியுள்ளவர்களின் பட்டியலை எடுத்து, யாருக்கு எவ்வளவு என்று எழுதி, அவர்களுக்குச் சேதி சொல்ல வேண்டும். "எனக்கு இன்னும் நாலு ஃபேஷியல் பாக்கி இருக்குங்களே" என்று ஒருவர் போன் பண்ணும்போது பதில் தயாராக இருக்க வேண்டும். இந்த மாதங்களுக்குள் வந்து செய்துகொள்ளலாம், அல்லது மிச்சப் பணம் திரும்பும். வாங்கியவர் அந்தப் பேக்கேஜ்களை ஏற்பதென்றால் எட்டு லட்சத்தில் 1,80,000 கழியும், அதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

ஊழியர்களிடம் எப்போது சொல்வது என்பது சங்கடமான விஷயம். சீக்கிரம் சொன்னால் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள், விலை விழும். கடைசி நாளில் சொல்வது துரோகம், சட்டப்படியும் செல்லாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன்படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். மிசோரமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்து தங்கியிருப்பவர்களுக்குக் கடை போனால் வீடும் போகிறது. அவர்களுக்குக் கூடுதலாகச் சில வாரம் கொடுப்பதும், வேறு கடையில் சொல்லிவிடுவதும் ஓனர் செய்யக்கூடியவை. கடைசி நாள்வரை இருப்பவருக்கு ஒரு தொகை என்று பேசிக்கொண்டால் கடை பாதியில் காலியாவதைத் தடுக்கலாம்.

ஷட்டர் இறங்கிய பிறகும் காகித வேலை பாக்கி இருக்கும். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்ய விண்ணப்பிக்கும்வரை, விற்பனை இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் தாமதக் கட்டணம் ஏறும். ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதிக் கணக்கும் கொடுக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான், வேறு வேலைக்குப் போய்ச் சேர்ந்தபின் நோட்டீஸ் வரும்போது நினைவுக்கு வரும். மின் இணைப்புக்குக் கட்டிய வைப்புத்தொகை யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, பெயர் மாற்றத்தின்போதே அந்தத் தொகையை வாங்கியவரிடம் பெற்றுக்கொள்ள வேண்டும். பில் மேஜையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு வருவதும் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. இல்லாவிட்டால் புதிய ஓனரின் வரவு பழைய ஓனரின் வங்கிக் கணக்கில் விழுந்து, இருவரும் மாதக்கணக்கில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.